ஊரிலிருந்து அரிசியும் மாவடுவும் அனுப்பும் சின்னம்மாவுக்கு நன்றி செய்வது எப்படி?

எங்கள் சின்னம்மாவின் வீடு பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது கோயம்புத்தூரில். ஆண்டு முழுவதும் அவரிடமிருந்து மட்டை அரிசியும், மாசி முடிந்தால் மாவடுவும், இடையிடையே தேங்காயும் முருங்கைக்காயும் வேலந்தாவளம் வழியாக வரும் பேருந்தில் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். மூன்று ஆண்டுகள் சும்மா வாங்கித் தின்றுவிட்டு, மனம் உறுத்தியதால் ஒருநாள் அவருடைய வங்கிக் கணக்கில் 5,000 ரூபாய் போட்டுவிட்டுத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நான் என்ன கடையா வெச்சிருக்கேன் கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் எட்டு மாதம் ஒரு பிடி அரிசிகூட வரவில்லை. அதைச் சரிசெய்ய எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஓராண்டில் கற்றதை, இப்போதுதான் நகரத்தில் குடும்பம் வைத்து ஊரிலிருந்து மூட்டை வாங்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. மூட்டை வந்த அன்றே, பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

பேருந்தில் மூட்டையை ஏற்றிவிட்டவருக்கு அது உரியவர் கைக்குப் போய்ச் சேரும் வரை நிம்மதி இருக்காது. நடத்துநரிடம் சொல்லி ஏற்றிய மூட்டை உக்கடத்தில் சரியாக இறங்கியதா, வழியில் ஜாடி உடைந்ததா, உப்புநீர் அரிசிமேல் கொட்டியதா என்ற கவலையோடுதான் அவர் அன்று மற்ற வேலைகளைப் பார்ப்பார். ஆகவே மூட்டை இறங்கியவுடன் "வந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாலையில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தபின் இன்னொரு முறை நிதானமாகப் பேசுங்கள்.

அந்த இரண்டாவது பேச்சில் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். எங்கள் பக்கத்தில் நெருங்கிய உறவுக்குள் "நன்றி" என்ற சொல்லைச் சொன்னால் அது விலக்கி வைப்பதுபோல ஒலிக்கும், குறிப்பாக அறுபதைக் கடந்த பெரியவர்களுக்கு. அதற்குப் பதிலாகப் பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். "அரிசி இந்தத் தடவை நல்ல சிவப்பா இருக்குது சின்னம்மா, ராத்திரியே கஞ்சி வெச்சோம், சின்னவன் ரெண்டு கிண்ணம் குடிச்சான்" என்று நான் சொன்ன அன்றுதான், அந்த எட்டு மாத இறுக்கத்துக்குப் பின் முதல்முறையாக அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. வாட்ஸப்பில் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் படம் பெரும்பாலும் அவருடைய மகனின் தொலைபேசியிலேயே நின்றுவிடும்.

2. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

தேதி, என்ன வந்தது, எவ்வளவு, என்ன நிலையில் இருந்தது, எத்தனை நாளில் தீர்ந்தது என்ற ஐந்து விவரங்கள் போதும். திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனைக் கணக்கு வைப்பதாக இதை நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதும், அனுப்புகிறவருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதும் இந்த நோட்டைக் கொண்டுதான் தெரியவரும். திரும்பிப் போக வேண்டிய ஜாடி, சாக்கு, தூக்குவாளி ஆகியவற்றையும் இதிலேயே குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் முதல் ஆண்டில் மூன்று சாக்கும் ஒரு தூக்குவாளியும் இருக்குமிடம் தெரியாமல் போயின.

3. அவருடைய கைக்காசு எவ்வளவு போகிறது என்று கண்டுபிடியுங்கள்

நான் முழுமையாகத் தவறிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஊரிலிருந்து வரும் ஒரு மூட்டையில் இரண்டு வகையான செலவுகள் கலந்திருக்கின்றன. ஒன்று அவருடைய நிலத்தில் விளைந்த பொருள். மற்றொன்று அந்தப் பொருளை உங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவர அவர் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ரொக்கம். முதலாவது அவர் மனமுவந்து தருவது, அதற்கு விலை பேசினால் புண்படுவார். இரண்டாவது ஓசைப்படாமல் அவர் தாங்கிக்கொண்டிருக்கும் சுமை, அதை நீங்கள் ஏற்றால் வருந்தமாட்டார். என் 5,000 ரூபாய் எதற்கு என்று சொல்லாமல் போனதால், அது முதலாவதற்குக் கொடுத்த விலையாக அவருக்குப் பட்டுவிட்டது.

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 25 கிலோ வீதம் நான்கு மூட்டை, மொத்தம் 100 கிலோ அரிசி வருகிறது. 100 கிலோ நெல்லைப் புழுக்கி அரைத்தால் ஏறக்குறைய 65 முதல் 68 கிலோ வரைதான் அரிசி கிடைக்கும். ஆகவே எங்களுக்காக அவர் 150 கிலோ நெல்லை ஒதுக்குகிறார். 2024இல் கேரள அரசின் கொள்முதல் விலை கிலோவுக்கு 28.20 ரூபாய். அந்த நெல்லை விற்றிருந்தால் அவருக்கு 4,230 ரூபாய் கிடைத்திருக்கும். இந்தத் தொகைதான் அவருடைய கொடை. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் ஒருபோதும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

இனி ரொக்கத்துக்கு வருவோம். பெரிய ஆலைகள் நூற்றைம்பது கிலோ நெல்லைத் தனியாகப் புழுக்கி அரைத்துத் தருவதில்லை. அதனால் சிறிய மில்லைத் தேடிப் போக வேண்டும். சென்ற ஆண்டு அவர் கொடுத்த கூலி, புழுக்கலும் அரைப்பும் சேர்த்து, கிலோ நெல்லுக்கு 4 ரூபாய் என்ற கணக்கில் 600 ரூபாய். மில்லுக்குப் போய்வரச் சரக்கு ஆட்டோவுக்கு 400 ரூபாய். ஒவ்வொரு மூட்டையையும் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோவதற்கும் சுமைச் சீட்டுக்கும் சேர்த்து 120 ரூபாய் வீதம், நான்கு முறைக்கு 480 ரூபாய். மாவடு அவர்கள் வீட்டு மரத்திலேயே காய்த்தாலும் கல்லுப்பு, மிளகாய்த்தூள், கடுகு, மேலே பூசும் விளக்கெண்ணெய் என்று 500 ரூபாய் வரை ஆகிவிடுகிறது. கூட்டினால் 1,980 ரூபாய் வருகிறது. நகரத்தில் சம்பளம் வாங்கும் ஒரு வீட்டுக்கு இது பெரிய தொகையன்று. ஆனால் அறுவடைக்கு அறுவடை மட்டுமே கையில் பணம் பார்க்கும் வீட்டுக்கு இது எளிதான தொகையும் அன்று.

இந்த விவரங்களைச் சின்னம்மாவிடம் கேட்காதீர்கள், "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போய்வரும் ஆளைக் கேளுங்கள். எனக்குச் சொன்னவர் அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை.

4. அந்தக் கைக்காசை, பெயர் சொல்லி, நேரம் பார்த்துக் கொடுங்கள்

"அரிசிக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கமாட்டார். "மில் கூலிக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை வாங்கிக்கொள்வார். செலவுக்கு ஒரு பெயர் இருந்தால் பணம் அந்தச் செலவோடு நின்றுவிடும், உறவின்மேல் ஏறாது. நான் இப்போது மில் கூலியையும் ஆட்டோ வாடகையையும் வெற்றிலை பாக்கோடு சேர்த்து, 1,001 ரூபாயாக நேரில் அவர் கையில்தான் கொடுக்கிறேன். பேருந்துச் செலவை மட்டும் தம்பியின் கணக்குக்கு அவ்வப்போது அனுப்பிவிடுகிறேன், அதை அவன்தான் கொடுக்கிறான் என்பதால்.

மாவடுவின் செலவைப் பணமாகக் கொடுக்கவே வேண்டாம். பிஞ்சு இறங்குவதற்கு முன்பே, தை மாதக் கடைசியில், நல்ல விளக்கெண்ணெய் அரை லிட்டரும் காய்ந்த மிளகாயும் கடுகும் கல்லுப்பும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். உப்பு அயோடின் சேர்த்த தூளாக இல்லாமல் கல்லுப்பாகவே இருக்கட்டும், ஊறுகாய் போடுகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலக்காட்டுப் பக்கத்தில் முதற்போகம் ஏறக்குறைய புரட்டாசியிலும், இரண்டாம் போகம் மாசியை ஒட்டியும் அறுவடையாகும். அறுவடை முடிந்தால் கையில் பணம் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அறுப்பு இயந்திரத்துக்கும் கூலியாட்களுக்கும் உடனே பணம் கொடுத்துவிட வேண்டும். அரசுக்கு அளந்த நெல்லுக்கான பணமோ, ரசீது கைக்கு வந்தபின் வங்கியில் ஏற நாளாகும். அந்த இடைவெளியில்தான் அவர்களுக்கு மிகவும் கையிறுக்கம். மில் கூலியை அந்த வாரங்களில் கொடுங்கள். அதே தொகையைச் சித்திரையில் கொடுத்தால் பாதிப் பயன்கூட இருக்காது.

விஷுவன்று கைநீட்டம் என்ற பெயரில் கொடுத்துவிடலாமே என்று எனக்கு ஒருமுறை தோன்றியது. அது சரிவராது. கைநீட்டம் பெரியவர்கள் சிறியவர்களுக்குக் கொடுப்பது, நாம் அவருக்குக் கொடுத்தால் முறை தலைகீழாகிவிடும். பெரியவர்களுக்கு ஓணத்துக்கோ பொங்கலுக்கோ கோடித்துணி எடுத்துக் கொடுக்கலாம், அதில் யாரும் குறை காணமாட்டார்கள். சின்னம்மாவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, மூட்டை கட்டித் தரும் தம்பி மனைவியை மறந்துவிடாதீர்கள். அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்குவது அவர்தான்.

5. ஜாடியை வெறுமையாக அனுப்பாதீர்கள், எதை வைத்து அனுப்புகிறீர்கள் என்பதிலும் கவனம் வையுங்கள்

மாவடு வரும் பீங்கான் ஜாடியை அங்கே பரணி என்பார்கள். ஊறுகாய் தீர்ந்ததும் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு ஈரத்தோடு மூடி வைத்தால் வாசனை தங்கிவிடும். அடுத்த ஆண்டு அதில் போடும் மாவடு பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்புண்டு. வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் வாய் திறந்து வைத்து, உள்ளே கைவிட்டுப் பார்த்து ஈரமில்லை என்று உறுதி செய்தபின் மூடுங்கள். உள்ளே காய்ந்த பொருள் எதையாவது நிரப்பி அனுப்புங்கள். நாங்கள் கொத்தமல்லியும் வெல்லமும் தனித்தனித் துணிப் பைகளில் கட்டி வைக்கிறோம். எண்ணெய்ப் பலகாரத்தை அந்த ஜாடிக்குள் வைக்க வேண்டாம், எண்ணெய் வாடை ஏறினால் ஜாடி ஊறுகாய்க்கு ஆகாது.

இங்கே எல்லைப்பகுதிக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. மறுசீராக நல்ல பொன்னியரிசி ஒரு சிப்பம் அனுப்பலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு ரேஷன் அரிசி கடத்தப்படுவதால் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய வழிகளில் போகும் அரிசி மூட்டைகளைக் கண்டால் நிறுத்தி விசாரிப்பது உண்டு. கடையில் வாங்கிய அரிசியாக இருந்தால் கடையின் முத்திரைப் பையைப் பிரிக்காமல், ரசீதையும் உடன் வைத்து, நீங்களே கொண்டுபோங்கள். வேறு சாக்கில் மாற்றிக் கட்டி நடத்துநரிடம் கொடுத்தனுப்பினால், விசாரணையில் விடை சொல்ல முடியாமல் அவர் தவிக்க நேரும். ரேஷன் கடையில் வாங்கிய அரிசியை, அது ஐந்து கிலோவாகவே இருந்தாலும், எல்லை தாண்டி அனுப்பவே அனுப்பாதீர்கள். உண்மையைச் சொன்னால், நெல் விளையும் வீட்டுக்கு அரிசி அனுப்புவதைவிடத் துவரம்பருப்பு அனுப்புவது எவ்வளவோ மேல்.

6. பொருளில் குறை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்

நன்றியுள்ளவர்கள் குறை சொல்லமாட்டார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு மூட்டை அரிசி மூன்று வாரத்தில் வண்டு பிடித்து, ஓரங்களில் நூலாம்படைபோலக் கட்டிக்கொண்டது. சொன்னால் வருந்துவார் என்று பாதியைக் கொட்டிவிட்டு, "அரிசி அருமை" என்று சொன்னேன். அதே நாளில் அரைத்த மீதி அரிசி அவர் வீட்டுக் குதிரிலும் வண்டு பிடித்திருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் அதை எடுத்து வெயிலில் உலர்த்திக் காப்பாற்றியிருப்பார்.

மட்டை அரிசியில் தவிடு கொஞ்சம் ஒட்டியே இருக்கும். புழுக்கிய நெல் சரியாகக் காயாமல் அரைபட்டிருந்தால் அந்த அரிசியில் வண்டு விரைவில் வரும், காறல் வாடையும் அடிக்கும். மூட்டை வந்தவுடன் நாலைந்து அரிசியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். முறுக்கென்று உடைந்தால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. நசுங்கினாற்போல இருந்தால் ஈரம் இருக்கிறது. ஈரமிருந்தால் அன்றே விரித்து நிழலில் உலர்த்தி, காய்ந்த டப்பாவில் வேப்பிலைச் சருகோ வசம்போ போட்டு வைத்துவிட்டு, சின்னம்மாவிடம், "கொஞ்சம் ஈரமா இருக்குது சின்னம்மா, அங்க இருக்குறதையும் ஒருதடவை வெயில்ல போட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். பின்னொரு முறை நான் அப்படிச் சொன்னபோது அவர் வருந்தவில்லை. மில்காரரைக் கூப்பிட்டு, அடுத்த முறை இன்னும் ஒரு நாள் காயவிடச் சொல்லிவிட்டார்.

அளவிலும் இதே நேர்மை வேண்டும். மாதத்துக்கு இருபது தேங்காய் வந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் பத்துதான் செலவாயிற்று. நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "வேண்டாம்" என்று சொல்லாமல், "பத்துப் போதும், அதுக்குப் பதிலா முருங்கைக்கீரை கொஞ்சம் வெச்சு விடுங்க" என்று கேட்டேன். கேட்டு வாங்குவது அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அழுகிய தேங்காயை எறிவதைவிட அது எவ்வளவோ நல்லது.

7. ஒரு முழு நாள் ஒதுக்கி, அவருடைய காகித வேலையைச் செய்து கொடுங்கள்

நான் செய்தவற்றில் சின்னம்மாவுக்கு மிகவும் பயன்பட்டது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். கேரளத்தில் அரசுக்கு நெல் கொடுக்க விரும்பும் உழவர் ஒவ்வொரு போகத்துக்கும் supplycopaddy.in தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவங்கள் மலையாளத்தில் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்த சின்னம்மாவுக்கு அது எட்டாத வேலை. தம்பிக்கோ வயலைவிட்டு நகர நேரமில்லை. கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்ததால் எனக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். ஆண்டுக்கு இருமுறை, விதைப்பு முடிந்த பிறகு வரும் ஒரு சனிக்கிழமையில் போய் இதைச் செய்து கொடுக்கிறேன்.

எடுத்து வைக்க வேண்டியவை: ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அந்த ஆண்டுக்கு நிலவரி கட்டிய ரசீது. மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். எங்கள் விஷயத்தில் ஆதாரில் இருந்த தலைப்பெழுத்து வங்கிப் புத்தகத்தில் இல்லை. அதைத் திருத்துவதற்கே இரண்டு முறை வங்கிக்குப் போய்வர வேண்டியிருந்தது. நிலவரி ரசீது இன்னும் இறந்துபோனவர் பெயரிலேயே இருந்தால், பதிவு நாள் நெருங்கும்வரை காத்திராமல் கிருஷிபவன் எனப்படும் ஊர் வேளாண் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் படிவத்தை அச்செடுத்து, ஒரு படி அவரிடமும் ஒரு படி உங்களிடமும் இருக்கட்டும். தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை அவரையே படிக்கச் சொல்லி, அது எதற்கு என்று விளக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். அவருடைய அசல் ஆவணம் எதையும் நகரத்துக்கு எடுத்துவர வேண்டாம்.

அன்று மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். சாப்பிடாமல் கிளம்பினால், செய்து கொடுத்த வேலைக்கே ஒரு கணக்கு வந்துவிடும்.

8. நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை

மில் கூலியும் வெற்றிலை பாக்கும் புரட்டாசி, மாசி அறுவடைகளை ஒட்டி. கோடித்துணி ஓணத்துக்கு ஒரு வாரம் முன்பு. நெல் பதிவு ஒவ்வொரு விதைப்புக்கும் பிறகு. ஜாடி மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் தை மாதத்தைத் தாண்டி உங்கள் வீட்டில் நிற்கக் கூடாது. மாசியில் காற்றடித்தால் மாவடு ஒரே நாளில் உதிர்ந்துவிடும். காம்பு வாடுவதற்குள் அதை உப்பில் போட்டாக வேண்டும், அன்றைக்கு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஜாடி இருந்தாக வேண்டும்.